எல்பிஎஸ் முதல் குளிர் நடுக்கம் வரை: அமைப்பறி ஏற்பிகளைப் படிக்க முதல் வருட மாணவருக்கு ஒரு வழி

முதல் வருடத்தில் நோயெதிர்ப்பியலில் என்னை மாட்டவைத்தது ஒரே ஒரு பகுதிதான்: நுண்ணுயிர்களின் பொதுவான மூலக்கூறுகளை அடையாளம் காணும் அமைப்பறி ஏற்பிகள். மனிதனுக்கு உள்ள பத்து டோல் வகை ஏற்பிகளையும், அதாவது டிஎல்ஆர்களையும், அவை பிடிக்கும் பொருள்களையும் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். தேர்வில் வந்த கேள்வி வேறு. "கிராம் நெகட்டிவ் பாக்டீரியா இரத்தத்தில் கலந்த நோயாளிக்குக் குளிர் நடுக்கம் ஏன் வருகிறது? படிப்படியாக விளக்குக." பத்துப் பெயர்களும் நினைவில் இருந்தன. ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி நடக்கிறது என்று எழுத ஒரு வரி கூட வரவில்லை.

அப்புறம் மூன்று வாரம் போராடி நான் பிடித்த வழி இது: அட்டவணையைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த இடத்தில், எத்தனை நிமிடத்தில் என்று பின்தொடருங்கள். இங்கே எடுத்துக்கொள்வது ஈ. கோலை பாக்டீரியாவின் எல்பிஎஸ், அதாவது லிப்போபாலிசாக்கரைடு. இதை முழுதாகப் புரிந்துகொண்டால் மற்ற ஏற்பிகளுக்கு அரை நாள் போதும்.

## 1. உட்காரும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

கோடு போடாத ஏ4 தாள் ஒன்று, பென்சில், அழிப்பான். தாள் நிறைய ஒரு பெரிய வட்டம் போடுங்கள். அதுதான் மேக்ரோஃபேஜ், தமிழில் பெருவிழுங்கி. உள்ளே இரண்டு சிறு வட்டங்கள்: ஒன்று உட்கரு, மற்றொன்று செல் வெளியிலிருந்து விழுங்கியதை வைத்திருக்கும் எண்டோசோம் பை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நேரம் எழுதுங்கள்: 0, 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, ஒன்றரை மணி, 4 மணி, 24 மணி.

முன்பே தெரிந்திருக்க வேண்டியவை மூன்று: கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டினால் அதன் நடத்தை மாறும், ஜீனிலிருந்து எம்ஆர்என்ஏ, அதிலிருந்து புரதம். இவற்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் முதலில் ஒரு மாலை அதற்குக் கொடுங்கள். பிறகு ஒன்றரை மணி நேரமாக இரண்டு அமர்வு போதும். முதல் அமர்வில் 2 முதல் 4 வரை, மறுநாள் மீதி. ஒரே இரவில் முடிக்கப் பார்த்தால் ஐந்தாம் படியில் எல்லாம் குழம்பிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

## 2. முதலில் மூலக்கூறைக் கிட்டத்தில் பாருங்கள்

ஓர் ஈ. கோலை செல்லின் வெளிச்சவ்வில் ஏறத்தாழ பத்து லட்சம் எல்பிஎஸ் மூலக்கூறுகள் நட்டுவைத்தது போல நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதி. வெளியே நீண்டு நிற்பது ஓ ஆன்டிஜென் என்ற சர்க்கரைச் சங்கிலி. நடுவில் ஒரு சிறு சர்க்கரைப் பகுதி. அடியில், சவ்வுக்குள் புதைந்திருப்பது லிப்பிட் ஏ. இரண்டு சர்க்கரை, அவற்றின் மேல் இரண்டு பாஸ்பேட், கீழே தொங்கும் ஆறு கொழுப்புச் சங்கிலி. இந்த ஆறு என்ற எண்ணைத் தாளில் பெரிதாக எழுதுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

எல்பிஎஸ்ஸுக்கான ஏற்பி டிஎல்ஆர்-4. அது பிடிப்பது லிப்பிட் ஏ பகுதியை. ஓ ஆன்டிஜென் ஒரே இனத்துக்குள்ளேயே விதவிதமாக மாறும். அதை நம்பி ஒரு ஏற்பியைப் பரம்பரையாக வைத்திருக்க முடியாது. லிப்பிட் ஏ அப்படி எளிதில் மாறாது. அது கெட்டால் வெளிச்சவ்வே நிற்காது, பாக்டீரியா பிழைக்காது. எதை மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்குக் கடினமோ அதைப் பிடிப்பதுதான் இந்த ஏற்பிகளின் வழக்கம்.

இங்கே பலர் விழும் குழி: "டிஎல்ஆர்-4 ஓ ஆன்டிஜெனை அறிகிறது" என்று எழுதுவது. ஓ ஆன்டிஜெனைப் பிடிப்பவை ஆன்டிபாடிகள். நாமோ இங்கே பேசுவது பிறவியிலேயே இருக்கும் எதிர்ப்பு.

இன்னொரு குழி, எல்பிஎஸ் என்றாலே நோய்க்கிருமி என்று எண்ணுவது. உங்கள் குடலில் இப்போதும் ஏராளமான எல்பிஎஸ் இருக்கிறது. நோய் எதுவும் இல்லை. ஏற்பிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு தெரியாது. இருக்கக் கூடாத இடத்தில், அதாவது இரத்தத்திலோ திசுவுக்குள்ளோ அது தென்பட்டால்தான் விஷயம் பெரிதாகிறது.

## 3. கைமாறும் வரிசையை எழுதுங்கள்

"எல்பிஎஸ் டிஎல்ஆர்-4இல் ஒட்டுகிறது" என்ற ஒரே வரியில் இதை முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள் நான்கு புரதங்கள் இருக்கின்றன.

கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் எல்பிபி என்ற புரதம் முதலில் பாக்டீரியாத் துணுக்கிலிருந்து எல்பிஎஸ் மூலக்கூறைப் பெயர்த்தெடுக்க வழி செய்கிறது. அது எல்பிஎஸ்ஸை மேக்ரோஃபேஜின் மேல் உள்ள சிடி14 இடம் கொடுக்கிறது. சிடி14க்குச் செல்லுக்குள் நீளும் வால் கிடையாது, ஆகவே அதனால் உள்ளே சேதி சொல்ல முடியாது. வாங்கி அடுத்தவரிடம் தருவதுதான் அதன் வேலை. அது தரும் இடம் எம்டி-2. இந்த எம்டி-2 டிஎல்ஆர்-4இன் வெளிப்பக்கத்தோடு ஒட்டியே இருக்கும். எல்பிஎஸ் போய் உட்காரும் பை எம்டி-2இல்தான் உள்ளது. எம்டி-2 இல்லாவிட்டால் டிஎல்ஆர்-4 மட்டும் இருந்து பயனில்லை.

இப்போது அந்த ஆறு சங்கிலிகள். ஐந்து சங்கிலிகள் எம்டி-2இன் பைக்குள் முழுதாகப் புகுந்துகொள்கின்றன. ஆறாவதற்கு உள்ளே இடமில்லை. அது பையின் வாயிலேயே வெளியே கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஎல்ஆர்-4 அந்த ஆறாவது சங்கிலியின் மேல் வந்து படிகிறது. அப்படி இரண்டு டிஎல்ஆர்-4 ஒன்று சேர்ந்தால்தான் அவற்றின் உள்வால்கள் இரண்டும் அருகருகே வரும். சமிக்ஞை தொடங்குவது அந்த இணைப்பில்தான்.

இதைப் புரிந்துகொண்டீர்களா என்று சோதிக்க ஒரு கணக்கு. பிளேக் நோயைத் தரும் யெர்சினியா பெஸ்டிஸ், தெள்ளுப்பூச்சியின் உடல் வெப்பநிலையில் ஆறு சங்கிலி உள்ள லிப்பிட் ஏ செய்கிறது. மனித உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் பெரும்பாலும் நான்கு சங்கிலி உள்ளதாக மாற்றிக்கொள்கிறது. என்ன நடக்கும்? புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். நான்கும் பைக்குள் அடங்கிவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை, இரண்டாவது டிஎல்ஆர்-4 வந்து சேராது. கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போது எச்சரிக்கை ஒலி மங்கலாகவே இருக்கும். ஆய்வகத்தில் இந்தக் கிருமிக்கு ஈ. கோலையின் ஒரு ஜீனைக் கொடுத்து, 37 டிகிரியிலும் ஆறு சங்கிலி செய்ய வைத்தார்கள். எலிகளில் அது கொல்லும் திறனை இழந்தது. ஒரு கொழுப்புச் சங்கிலி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது இதைப் படித்த அன்றுதான்.

## 4. செல்லுக்குள்: நான்கு பெயர் போதும்

பாடநூல் படத்தில் நாற்பது அம்புக்குறி இருக்கும். முதல் வருடத்துக்கு நான்கு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மைடி88, ஐராக்-4, ஐகேகே, ஐகப்பாபி.

சேர்ந்த உள்வால்களின் மேல் மைடி88 வந்து அமர்கிறது (நடுவில் டிராப் என்ற ஒரு பாலப் புரதம் உண்டு). மைடி88 மேல் ஐராக்-4 அடுக்கப்படுகிறது. அதன் வழியே, சில கைமாற்றங்களுக்குப் பின், ஐகேகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. ஐகேகே என்ன செய்கிறது என்பதில்தான் மதிப்பெண் போகும். அது ஐகப்பாபிக்குப் பாஸ்பேட் ஒட்டுகிறது. ஐகப்பாபி ஒரு தடை. என்எஃப்-கப்பா-பி என்ற ஜீன் இயக்கியைச் சைட்டோபிளாசத்தில் கட்டிப்போட்டு வைத்திருப்பது அதுதான். பாஸ்பேட் ஒட்டிய ஐகப்பாபிமேல் யூபிக்விட்டின் குறியும் ஒட்டப்பட்டு, புரோட்டியசோமில் சிதைக்கப்படுகிறது. கட்டவிழ்ந்த என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போகிறது.

"என்எஃப்-கப்பா-பி புதிதாக உருவாகிறது" என்று எழுதாதீர்கள். அது முன்பே செய்து தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. வேகத்துக்குக் காரணமே அதுதான். ஐகப்பாபி 15 முதல் 30 நிமிடத்தில் மறைந்துவிடும். அரை மணி நேரத்தில் என்எஃப்-கப்பா-பி உட்கருவில். ஒரு மணி நேரத்துக்குள், அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதமான டிஎன்எஃப்பின் எம்ஆர்என்ஏ நிறையச் சேர்ந்துவிடும். உங்கள் தாளின் ஓரத்தில் இந்த மூன்றையும் நேரத்துக்கு எதிரே எழுதுங்கள்.

என்எஃப்-கப்பா-பி இயக்கும் ஜீன்களில் ஐகப்பாபியின் ஜீனும் ஒன்று. புதிய ஐகப்பாபி வந்து அதை மறுபடி கட்டிவிடும். ஆக, தடையைச் செய்யும் கட்டளையையும் அதே கைதான் கொடுக்கிறது. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் விடையின் தரம் தெரியும்.

இதே டிஎல்ஆர்-4 எண்டோசோமுக்குள் இழுக்கப்பட்ட பிறகு டிரிஃப் என்ற வேறு புரதம் வழியாக, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் பீட்டாவைச் செய்யவைக்கிறது. தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள், இப்போதைக்கு அது போதும்.

ஒரு நோயாளியை வைத்துப் பாருங்கள். அரிதாகச் சில குழந்தைகள் ஐராக்-4 அல்லது மைடி88 வேலை செய்யாமல் பிறக்கின்றன. நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அவர்களைத் திரும்பத் திரும்ப, உயிருக்கு ஆபத்தாகத் தாக்கும். தொற்று கடுமையாக இருக்கும்போதும் ஆரம்பத்தில் காய்ச்சல் குறைவாகவே இருக்கும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் புரதம் அதிகம் ஏறாது. காய்ச்சல் இல்லையே என்று மருத்துவர் காத்திருந்தால் அங்கேதான் ஆபத்து. ஆனால் பெரும்பாலான வைரஸ்களை அவர்கள் நன்றாகவே சமாளிக்கிறார்கள், ஏனென்றால் இன்டர்ஃபெரானுக்கு டிரிஃப் வழியும் செல்லுக்குள் உள்ள வேறு ஏற்பிகளும் இருக்கின்றன. வயது ஏற ஏற, தழுவும் நோயெதிர்ப்பு வலுப்பெறும்போது, பாக்டீரியாத் தொற்றும் குறைகிறது.

## 5. ஐஎல்-1 பீட்டாவுக்கு இரண்டு அனுமதி வேண்டும்

தேர்வில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா இரண்டும் அழற்சிச் சைட்டோகைன்கள்தான், இரண்டுக்கும் என்எஃப்-கப்பா-பி வேண்டும்தான். ஆனால் இரண்டும் வெளியே வரும் பாதை வேறு.

டிஎன்எஃப் வழக்கமான சுரப்புப் பாதையில் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, அங்கே ஒரு நொதியால் வெட்டப்பட்டு வெளியேறுகிறது. எல்பிஎஸ் பட்டாலே போதும். ஐஎல்-1 பீட்டாவோ முதலில் 31 கிலோடால்டன் எடையுள்ள செயலற்ற முன்வடிவமாகச் சைட்டோபிளாசத்தில் சும்மா கிடக்கும். அதை வெட்டி 17 கிலோடால்டன் செயல்வடிவமாக்க காஸ்பேஸ்-1 வேண்டும். காஸ்பேஸ்-1 விழிக்க இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு கட்டப்பட வேண்டும். அதைக் கட்டும் ஏற்பி, இந்த எடுத்துக்காட்டில், சைட்டோபிளாசத்தில் இருக்கும் என்எல்ஆர்பி3.

என்எல்ஆர்பி3 எல்பிஎஸ்ஸைப் பார்ப்பதில்லை. செல் காயப்பட்டதைப் பார்க்கிறது. பக்கத்துச் செல்கள் உடைந்து ஏடிபி கொட்டினாலோ, பாக்டீரியா நஞ்சு சவ்வில் ஓட்டை போட்டாலோ, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே ஓடும். அதுதான் இரண்டாவது அனுமதி. பிறகு காஸ்பேஸ்-1 காஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டுகிறது. அதன் துண்டுகள் சவ்வில் துளையிடுகின்றன, அந்தத் துளை வழியாக ஐஎல்-1 பீட்டா வெளியே வருகிறது. துளைகள் மிகுந்தால் செல்லே வெடித்துச் சாகிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எலி மேக்ரோஃபேஜ்களுக்கு எல்பிஎஸ் மட்டும் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், வளர்ப்புத் திரவத்தில் டிஎன்எஃப் நிறைய இருக்கும், ஐஎல்-1 பீட்டா மிகக் குறைவு. பிறகு அரை மணி நேரம் ஏடிபி சேர்த்தால் ஐஎல்-1 பீட்டா சட்டென்று ஏறும். ஏன் இரண்டு பூட்டு? ஐஎல்-1 பீட்டா மிகக் குறைந்த அளவிலேயே காய்ச்சலைக் கிளப்பும். கிருமியும் இருக்கிறது, சேதமும் ஆகிறது என்று தெரிந்தால்தான் அதை விடுவது உடலுக்குக் கட்டுப்படியாகும். இந்த விதி எல்லாச் செல்லுக்கும் அப்படியே பொருந்தாது: மனித இரத்த மோனோசைட்டுகள் எல்பிஎஸ் மட்டும் பட்டாலும் கொஞ்சம் ஐஎல்-1 பீட்டா விடும்.

## 6. செல்லிலிருந்து திசுவுக்கு, திசுவிலிருந்து நடுக்கத்துக்கு

டிஎன்எஃப் பக்கத்து இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தொடுகிறது. சில மணி நேரத்தில் அவை ஈ-செலக்டின், ஐகாம்-1 போன்ற பிடிப்புப் புரதங்களை மேற்பரப்பில் நீட்டுகின்றன. ஓடும் இரத்தத்தில் போகும் நியூட்ரோஃபில்கள் முதலில் உருண்டு வேகம் குறைந்து, பிறகு ஒட்டி நின்று, செல்களுக்கு இடையே நுழைந்து திசுவுக்குள் போகின்றன. குழாய் விரிவதால் சிவப்பும் சூடும். சுவர் கசிவதால் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின் போன்றவை நரம்பு முனைகளைக் கூர்மையாக்குவதால் வலி.

இப்போது என் தேர்வுக் கேள்விக்கு வருவோம். இரத்தத்தில் வந்த டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 உருவாகச் செய்கின்றன. அது உடலின் வெப்ப இலக்கை 37இலிருந்து, எடுத்துக்காட்டாக, 39க்கு ஏற்றுகிறது. உடல் இன்னும் 37இல்தான் இருக்கிறது. புதிய இலக்கோடு ஒப்பிட்டால் அது குளிர். அதனால் தோலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. நோயாளி மூன்று போர்வை கேட்பது அதனால்தான். பாராசிட்டமால் வேலை செய்வது புரோஸ்டாகிளாண்டின் படியில். டிஎல்ஆர்-4இல் அது எதுவும் செய்வதில்லை. காய்ச்சல் இறங்கியதால் தொற்று போய்விட்டது என்று எழுதினால் தவறு.

## 7. கடிகாரத்தை வைத்துச் சரிபாருங்கள்

ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கட்டுப்பாட்டோடு தூய எல்பிஎஸ்ஸைச் சிரை வழியே செலுத்தி ஆராய்வது உண்டு. வழக்கமான அளவுகளில் ஒன்று, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 2 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 நானோகிராம். ஒரு சர்க்கரைக் குருணை அரை மில்லிகிராம் என்று வைத்தால், அதில் நான்காயிரத்தில் ஒரு பங்கு.

சுமார் ஒரு மணி நேரத்தில் குளிர், தலைவலி, குமட்டல், உடல்வலி தொடங்கும். ஒன்றரை மணியளவில் இரத்தத்தில் டிஎன்எஃப் உச்சம். அதை அடுத்து ஐஎல்-6. மூன்று, நான்கு மணியில் காய்ச்சல் உச்சம். எட்டு மணிக்குள் ஆள் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். ஆனால் கல்லீரல் செய்யும் சிஆர்பி மறுநாள்தான் உச்சத்துக்கு வரும். உங்கள் தாளின் ஓரத்தோடு ஒப்பிடுங்கள். எந்தப் படியும் முன்பின்னாக இருந்தால் அங்கே திரும்பப் படியுங்கள்.

இந்த நேரக்கணக்கு மருத்துவத்திலும் உதவும். செப்சிஸ் நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகளும், டிஎல்ஆர்-4ஐ அடைக்கும் எரிடோரானும் பெரிய சோதனைகளில் உயிர் காப்பதாக நிரூபிக்கப்படவில்லை. நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வரும்போது முதல் சில மணி நேரம் கடந்திருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. மற்றொன்று எலி. எலிகள் மனிதனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிக எல்பிஎஸ்ஸைத் தாங்கும், அதனால் எலியில் கிடைத்த எண்களை அப்படியே மனிதனுக்கு எழுதக் கூடாது.

## 8. இப்போது அட்டவணையைத் திறக்கலாம்

சுவரில் இருந்த அட்டவணையை இடம் பார்த்துப் பிரியுங்கள். செல்லின் வெளிமேற்பரப்பில் இருப்பவை பாக்டீரியாவின் வெளிப்பொருள்களைப் பிடிக்கும்: டிஎல்ஆர்-5 கசையிழையின் ஃபிளாஜெல்லினை, டிஎல்ஆர்-2 லிப்போபுரதங்களை. எண்டோசோமுக்குள் இருக்கும் 3, 7, 8, 9 ஆகியவை ஆர்என்ஏ, டிஎன்ஏ. சைட்டோபிளாசத்தில் நாட்-2, ரிக்-ஐ போன்றவை. நம் சொந்த டிஎன்ஏ சாதாரணமாக எண்டோசோமுக்குள் போவதில்லை. அங்கே டிஎன்ஏ இருக்கிறது என்றால் விழுங்கிய ஏதோ ஒன்றிலிருந்து வந்தது. இடமே பாதி விடை.

## 9. செய்முறைக்குப் போகிறவர்களுக்கு

கடைசி வருட ஆய்வில் ஈ. கோலையில் வளர்த்துச் சுத்தம் செய்த ஒரு புரதத்தை மேக்ரோஃபேஜ்களுக்குக் கொடுத்தேன். டிஎன்எஃப் அருமையாக ஏறியது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஏற்றியது என் புரதம் இல்லை. அதோடு ஒட்டி வந்த எல்பிஎஸ். நானோகிராம் அளவு போதும் என்று மேலே பார்த்தோமே, அதே கணக்குதான்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தால் பாக்டீரியா சாகும், எல்பிஎஸ் போகாது. கண்ணாடிப் பாத்திரங்களுக்கு 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வேண்டும். பிளாஸ்டிக் என்றால் எண்டோடாக்சின் இல்லாதது என்று உறையில் எழுதியதை வாங்குங்கள். எண்டோடாக்சின் அளக்கும் எல்ஏஎல் சோதனைப் பெட்டிக்குச் செலவு அதிகம், அதனால் வாங்கும்முன் துறையில் யாரிடமாவது மீதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதுவரை செலவில்லாத ஒரு சோதனை உண்டு. உங்கள் புரத மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். இரண்டையும் தனித்தனிக் குழிகளில் செல்களுக்குக் கொடுங்கள். புரதம்தான் காரணம் என்றால், பெரும்பாலும் கொதித்த மாதிரியில் டிஎன்எஃப் விழும். எல்பிஎஸ் காரணம் என்றால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மூன்றாவது குழியில் கொதிக்காத மாதிரியோடு எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேருங்கள். அங்கே டிஎன்எஃப் விழுந்தால் சந்தேகம் உறுதி. இந்த மூன்று குழிகளையும் முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள்.